அந்த வயரைப் பிடுங்காதே

செண்பகத்தின் போனில் ஆறு சதவீத சார்ஜ்தான் மிச்சம். லண்டனுக்கு இன்னும் பாதி வழி இருந்தது.

இன்று ப்ளஸ் டூ ரிசல்ட். பட்டினப்பாக்கத்தில் மகள் தமிழ்மொழி காத்திருந்தாள். மார்க் வந்ததும் முதல் மெசேஜ் அம்மாவுக்குத்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். விமானத்தில் மெசேஜுக்கு மட்டும் வைஃபை இலவசம். படம், வீடியோ என்றால் காசு. செண்பகத்துக்கு மெசேஜ் போதும். அதுவரை போன் அணையக் கூடாது.

மயிலாப்பூரில் ஷ்ரேயாவின் வீட்டில் அவள் மகன், நான்கு வயது பிரணவைப் பார்த்துக்கொள்வது செண்பகத்தின் வேலை. பிரணவின் டேப்லெட்டில் சார்ஜ் மிச்சமாகட்டும் என்று ஏர்போர்ட்டில் செண்பகத்தின் போனைத்தான் பையனிடம் கொடுத்தாள் ஷ்ரேயா. அதில் கார்ட்டூன் பார்த்தே சார்ஜை முடித்துவிட்டான். இப்போது ஷ்ரேயாவும் கணவரும் முன்னால், பிசினஸ் வகுப்பில். பின்னால் பையனோடு செண்பகம். பையன் சீட்டின் யுஎஸ்பி செத்துக் கிடந்தது. பவர் பேங்க் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். தன் சீட்டில் இருந்த யுஎஸ்பியில் போனைச் சொருகினாள்.

கொஞ்ச நேரத்தில் டேப்லெட் அணைந்தது. பிரணவ் போட்ட சத்தம் முன்வரிசை வரை போயிருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு ஷ்ரேயா வந்தாள். விஷயம் தெரிந்ததும் குனிந்து போனின் வயரைப் பிடுங்கி டேப்லெட்டில் சொருகினாள். கார்ட்டூன் எல்லாம் வீட்டிலேயே இறக்கி வைத்ததாம், சார்ஜ் மட்டும் இருந்தால் போதுமாம்.

செண்பகம் வயரைத் திரும்ப எடுத்துப் போனில் சொருகினாள்.

"என்ன பண்றே?"

"என் பொண்ணு ரிசல்ட்டு வருதும்மா."

"இறங்கினப்புறம் பாத்துக்கோயேன். குழந்தை அழுதுண்டிருக்கான், தெரியலையா?"

"உங்க சீட்டாண்ட பெரிய பிளக்கே கீது. அங்க போடுங்க. இங்க இது ஒண்ணுதான் வேல செய்யுது."

"அங்க போட்டா இவனும் பின்னாடியே வந்துடுவான். நான் தூங்க வேண்டாமா?"

"அதுக்கு என் போன் இன்னா பண்ணும்?"

பக்கத்து சீட்டுக்காரர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டார். ஷ்ரேயாவின் முகம் சிவந்தது. ஊருக்குத் திரும்பியதும் இந்த வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றாள்.

"பேசலாம்மா. வயர்ல மட்டும் கைய வெக்காதீங்க."

ஷ்ரேயா டேப்லெட்டோடு நடந்தாள். கார்ட்டூன் போகிறதே என்று பிரணவ் இறங்கி அம்மாவின் பின்னால் ஓடினான். பிசினஸ் வகுப்பின் திரைக்குப் பின்னால் இருவரும் மறைந்தார்கள். செண்பகம் எழுந்திருக்கவில்லை.

போன் பதினெட்டு சதவீதத்தில் இருந்தபோது மெசேஜ் வந்தது. தமிழ்மொழி பாஸ், கணக்கில் நூற்றுக்கு நூறு. கூடவே மார்க் பட்டியலின் போட்டோ. அது திறக்காமல் சாம்பல் கட்டமாகவே நின்றது. பரவாயில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு செண்பகம் டைப் செய்தாள்: "நீ கேட்ட காலேஜுக்கே அப்ளிகேஷன் போடு. இந்த வேல போனா வேற வேல. நீ எதுக்கும் பயப்படாத."