கூழ் கரைச்ச தண்ணி

டிவியில என் குரல்தான் ஓடுது. எங்கம்மா முன்னாடி உக்காந்து வாயத் தொறந்துகினு பாக்குது. பக்கத்துல அக்கம்பக்கத்து ஜனம் மொத்தமும். இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த நீல டிரம்மு வந்துரும். இப்ப எழுந்து ஓடுனா, எதிர்வீட்டு மொட்டைமாடில கேபிள்கார செம்பியன் அண்ணன் ரூமு. வீசிஆர்ல கேசட்ட அமுக்கி வெளிய எடுத்தா முடிஞ்சிடும். எழுந்துக்கவும் எழுந்தேன். அப்புறம் செவுத்த புடிச்சிகினு நின்னுட்டேன்.

இத யார்கிட்டயாச்சும் சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வராது. அதான் எல்லாரும் படுத்ததுக்கப்புறம் உக்காந்து எழுதறேன்.

மந்தைவெளில கால்வாய் ஓரம் எங்க அம்மன் கோயில். ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கெழம விட்டு ஒரு வெள்ளிக்கெழம கூழ் ஊத்துவாங்க. கூழ் கிண்டறது எங்கம்மா, சுலோச்சனா. வருஷா வருஷம் அதுதான். "சுலோச்சனா கைக்கூழு"ன்னு ஆழ்வார்பேட்டைலேர்ந்து கூட தூக்கு எடுத்துகினு வருவாங்க. வீட்டு வேலை செய்யற எங்கம்மாவ மத்த நாள்ல யாரும் "வாங்க"ன்னு கூப்ட்டதில்ல. அன்னிக்கி மட்டும் கூப்புடுவாங்க.

இந்த வருஷம் மொத கூழ் ஊத்துன ரெண்டாம் நாளு பொன்மணிக்கா புள்ளைக்கு வாந்திபேதி. மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சிருக்கு, புள்ள உசுரு தங்கணும்னு. இன்னும் சில பசங்களுக்கும் வந்துச்சு. மண்ணாங்கட்டிய மட்டும் ஆஸ்பத்திரில வெச்சு பாட்டில் ஏத்தி பொழைக்க வெச்சாங்க. நானும் அம்மாவும் போயி எட்டி நின்னு பாத்துட்டு வந்தோம்.

அந்த ஞாயித்துக்கெழம செம்பியன் அண்ணன் கேபிள்ல ஸ்ரீரங்கன் சார் பேசுனாரு. காலேஜ்ல சயின்ஸ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, கோபாலபுரம். "மூணு நாள் ஊறின மாவு அழுகிப் போயிடும். பக்தின்னு சொல்லிண்டு அழுகினதைக் குழந்தைகளுக்கு ஊத்தறா. அதான் இந்த வாந்திபேதி. இந்தச் சடங்கையே நிறுத்தணும்"னாரு.

மறுநாள் கொழாயடில யாரும் எங்கம்மாகிட்ட பேசல. அம்மா கொடத்த வெச்சிட்டு வந்து என்னப் பாத்துச்சு. "நீதான் பிளஸ் ஒன் படிக்கற. நீயும் கேபிள்ல பேசு. அழுகலன்னு சொல்லு."

நான் போயி கேட்டதும் செம்பியன் அண்ணன் குஷியாயிட்டாரு. "கிழிச்சிடு ரத்னா! அவங்க வூட்ல இட்லி மாவு இன்னா ஃபாரின்லேர்ந்தா வருது? கேளு!"

"அப்படியெல்லாம் பேசமாட்டேன்ணே."

"ஏம்மே, பயமா?"

"அவரு நம்ம பசங்களுக்காகத்தான் பேசுனாரு. அவர அசிங்கப்படுத்துனா, ஜனம் சண்டைய பாக்கும். கூழப் பாக்காது."

"பார்றா, கலெக்டரம்மா!"ன்னு சிரிச்சாரு. ஆனா எடம் குடுத்தாரு. சார் பேசுன அதே நேரம், அடுத்த ஞாயித்துக்கெழம.

கல்யாண வீடியோ எடுக்கற ஷாஹுல் ஹமீது அண்ணன் கேமராவ தோள்ல வெச்சுகினு எங்க வீட்டுக்கு வந்தாரு. அம்மா எப்பவும் செய்யற மாதிரியே செஞ்சுச்சு. கேவுரு மாவ ஒரு ராத்திரி கரைச்சு வெச்சுச்சு. மூணு நாள் இல்ல. மறுநாள் சாயங்காலம் நொய்ய வேகவெச்சு, புளிச்ச மாவ ஊத்தி, துடுப்பால கிண்டுச்சு. மூஞ்சில வேர்வ கொட்டுது, குமிழி வெடிச்சு கையில தெறிக்குது. வெந்த களிய ஆறவெச்சு, காலைல எடுத்துக் கரைச்சு, உப்பு, மோரு, சின்ன வெங்காயம் போட்டுச்சு. எல்லாத்தையும் அண்ணன் எடுத்தாரு.

பயாலஜி மிஸ்கிட்ட கேட்டேன். புளிக்கறது வேற, அழுகறது வேறன்னாங்க. தயிரும் இட்லி மாவும் புளிக்கறதுதானே. அப்புறம் அத கொதிக்கக் கொதிக்க வேகவும் வெக்கறோம். ஜெயிச்சிட்டோம்னு நெனச்சேன்.

ஷாஹுல் அண்ணன் கடைல ரெண்டு வீசிஆர். ஒண்ணுல படம் ஓடும், வேணுங்கறத மட்டும் இன்னொண்ணுல ரெக்கார்டு பண்ணுவாரு. படத்தப் பாத்துகினே நான் மைக்குல பேசணும். எழுதி வெச்சிருந்தத நல்லாத்தான் படிச்சுகினு வந்தேன். "மாவு, நொய்யி, எல்லாமே கொதிக்க வெச்சதுதான்"னு சொல்லிட்டு தலைய நிமுந்து பாக்கறேன். டிவியில எங்கம்மா பிளாஸ்டிக் மக்க எடுத்து நீல டிரம்முல முக்கி, ஆறுன களில ஊத்தி, கையால கரைக்குது.

லாரித் தண்ணி. நாங்க பிடிச்சு வெச்சது. அத யாரும் கொதிக்க வெக்கல.

நான் பேச்ச நிறுத்திட்டேன். அண்ணன் பட்டன அமுக்கி படத்த நிறுத்துனாரு. "இன்னாம்மா?"

நான் டிவிய காட்டுனேன். அவருக்கும் புரிஞ்சிடுச்சு. கொஞ்ச நேரம் தாடிய சொறிஞ்சாரு. "அந்த ஷாட்ட எடுத்துட்டா போச்சு. கல்யாண கேசட்ல மாமியா சண்ட எத்தினிய எடுத்திருக்கேன் தெரியுமா? சாரே தண்ணியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

நெசந்தான். அவரு சொன்னது தப்பு. அவரு சொல்லாததுதான் சரி. வெட்டிட்டா நாங்க சொன்ன ஒரு வார்த்த கூட பொய்யா இருக்காது. ஆனா வர்ற வெள்ளிக்கெழம மறுபடி கூழ் ஊத்தறாங்க. அதே டிரம்மு. மண்ணாங்கட்டி வரிசைல நிப்பான், சில்வர் லோட்டாவ எடுத்துகினு.

"வெட்டாதீங்கண்ணே. பின்னாடி சுத்துங்க. மறுபடி பேசறேன்."

"உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

"கேக்கறேன்"னேன். கேக்கல. வீட்டுக்குப் போனப்ப அம்மா வாசல்ல நின்னுகினு, "நல்லா வந்துச்சா?"ன்னு கேட்டுச்சு. "வந்துச்சும்மா"ன்னுட்டேன். அது சிரிச்ச சிரிப்பப் பாத்துட்டு உள்ள போயிட்டேன்.

இன்னிக்கி அந்த ஞாயித்துக்கெழம. செவுத்த புடிச்சிகினு நிக்கறேன். டிவியில என் குரலு:

"ஸ்ரீரங்கன் சாருக்கு வணக்கம். எங்க பசங்க மேல அக்கறை வெச்சதுக்கு நன்றி. மாவு மூணு நாள் ஊறலீங்க சார், ஒரு ராத்திரிதான். புளிச்சது, அழுகல. அப்புறம் வேகவும் வெக்கறோம், நீங்களே பாருங்க." ஜனம் கை தட்டுச்சு. எங்கம்மா முந்தானைய இழுத்து விட்டுகினு நிமுந்து உக்காந்துச்சு.

டிரம்மு வந்துச்சு.

"ஆனா வெந்த களிய கரைக்கறதுக்கு நாங்க ஊத்தற தண்ணி கொதிக்க வெச்சதில்ல. இத படம் எடுத்தப்பதான் நாங்களே கவனிச்சோம். பசங்களுக்கு எதனால வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. அந்த வாரம் எல்லார் வீட்லயும் அதே தண்ணிதான் குடிச்சாங்க. இனிமே கொதிக்க வெச்சு ஆறவெச்ச தண்ணிலதான் மோரும் கூழும் கரைப்போம். சடங்க நிறுத்தமாட்டோம் சார். வெள்ளிக்கெழம நீங்களும் வாங்க. எங்கம்மா கிண்டுன கூழு."

யாரும் கை தட்டல. பொன்மணிக்கா மடில இருந்த புள்ளைய இறுக்கிக்கினு எழுந்து போச்சு. "உன் பொண்ணே சொல்லிட்டா சுலோச்சனா"ன்னு எவனோ ஒருத்தன் சொன்னான். கொஞ்ச நேரத்துல வீடே காலியாயிடுச்சு.

அம்மா டிவிய அணைச்சுச்சு. அடிக்கும்னு நெனச்சேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேன்டி. என் வாயாலயே."

நான் இத நெனச்சே பாக்கல. அம்மா பொய் சொல்லச் சொல்லும்னு நானா முடிவு கட்டிட்டேன்.

"மன்னிச்சிக்கம்மா. ஆனா சொன்னது சொன்னதுதான். வெள்ளிக்கெழம தண்ணிய நான் கொதிக்க வெக்கறேன்."

"வெப்ப, வெப்ப. அந்த பெரிய அண்டாவ தூக்கறதுக்கே ரெண்டு ஆம்பள வேணும்"னு சொல்லிட்டு பாய விரிச்சுச்சு. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினுச்சு. நானும் லைட்ட அணைச்சேன். தூங்கிடுச்சுன்னு நெனச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சு மெதுவா கேட்டுச்சு, ஆஸ்பத்திரில அந்தப் புள்ளைய எட்டி நின்னு பாத்தப்ப எப்படி பேசுச்சோ அதே கொரல்ல.

"ரத்னா, நீ படிச்சவ. உள்ளத சொல்லு. மண்ணாங்கட்டிக்கு வந்தது என் கையாலயா?"