இருபது நாள் முன்னதாக

கம்பெனி மேனேஜர் சம்பத் சாருக்கு அனுப்பத் தேன்மொழி செல்போனில் தட்டி வைத்திருந்ததை அறைத்தோழி பத்மினி இரண்டு முறை படித்தாள். இரண்டாம் முறை வாய்விட்டே படித்தாள். திருச்சானூர் ஹாஸ்டலில் ஞாயிறு மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார் குட்மார்னிங் சார். டிபன் ஆச்சா சார். ஒரு சின்ன ஹெல்ப். அம்மாவுக்கு சுகர் ஜாஸ்தி, கண்ணு தெரியல. நீங்க எனக்கு அண்ணன் மாதிரி. கொஞ்சம் சீக்கிரமா விட்டுடுங்க சார், ப்ளீஸ்." அதற்குக் கீழே கும்பிடும் கைகள் ஆறு. ஆங்கில எழுத்தில் தெலுங்கு. முந்தின நாள் அதை எழுதி முடித்தபோது தேன்மொழிக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"உங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள் பத்மினி.

நகரிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் தேன்மொழியின் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது உண்மை. கண் விஷயம் வேறு. எதிர்வீட்டுக் கொடியில் புதுச்சேலை காய்ந்தால் தன் வீட்டு வாசலிலிருந்தே கரையின் நிறம் சொல்லுவாள்.

"அவரு டிபன் துன்னாரா இல்லியான்னு நீ இன்னாத்துக்குக் கேக்கற? பசிக்குதுன்னா விடமாட்டாரா?"

பத்மினிக்கு நாக்கு அப்படி. திருப்பதியில் பெரிய துணிக்கடை ஒன்றில் ஆட்களின் வருகை, லீவு, விலகல் எல்லாம் பார்ப்பவள். சாகாத பாட்டிகள் செத்த கடிதங்கள் அவள் மேஜைக்கு வாரம் நாலு வரும்.

விஷயம் இவ்வளவுதான். தேன்மொழி ரேணிகுண்டா பக்கத்தில் செல்போன் சார்ஜர் பூட்டும் கம்பெனியில் மூன்றாவது லைனுக்குத் தரம் பார்க்கிறவள். மே இருபதாம் தேதி விலகல் கடிதம் கொடுத்தாள். நோட்டீஸ் அறுபது நாள். ஜூலை பதினெட்டு வரை இருக்கவேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் கிடைத்த வேலையிலோ ஜூலை ஒன்றாம் தேதி பயிற்சி ஆரம்பம். அன்றைக்கு விடுவிப்புக் கடிதத்தோடு வராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. கூடுதல் நாள் கேட்டுப் பார்த்தாள், முடியாது என்றுவிட்டார்கள்.

அறுபது நாள் என்பதைச் சம்பத் வேதவாக்குப் போலச் சொல்லுவார். மாதக் கூட்டத்தில் "மன கம்பெனி, நம்ம கம்பெனி, ஒரே குடும்பம்" என்பார். அதே குடும்பம்தான் போன வருஷம் நாற்பது கான்ட்ராக்ட் ஆட்களை மதியச் சோற்றுக்கு முன்னால் பஸ் ஏற்றி அனுப்பியது. அவர்களுக்கு நோட்டீஸ் நாற்பது நிமிஷம்.

பொய் சொல்லிப் போகலாமென்றால் அதற்கும் ஒருவன் முந்திக்கொண்டு வழியைக் கெடுத்து வைத்திருந்தான். இரண்டாவது லைன் கிரண்குமார் தனக்குக் கல்யாணம் என்றான். பத்திரிகை கொண்டுவா என்றார் சம்பத். இவனும் புத்தூரில் இருபத்தைந்து பத்திரிகை அடித்துக் கொண்டுவந்து மஞ்சள் தடவி நீட்டினான். பாழாய்ப் போனவன், நிஜ மண்டபத்தின் பெயரையா போடுவான்? சம்பத் பெண்டாட்டி பிள்ளைகளோடு பரிசு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினார். அங்கே யாருக்கோ காதுகுத்து. சாப்பிட்டுவிட்டே வந்தார். ஆனால் கிரண்குமாருக்கு இன்றுவரை விடுவிப்புக் கடிதம் வரவில்லை.

"உன் கஷ்டத்த வுடு," என்றாள் பத்மினி. "நீ போனா அவருக்கு இன்னா கஷ்டம்? அத்தச் சொல்லு."

"ஜூன் பதினெட்டு கஸ்டமர் ஆடிட், சார்ஜர் வாங்கற கம்பெனிக்காரங்க வந்து சோதிப்பாங்க. அதுக்குத்தான் பயந்துக்கினு கீறாரு."

"உன் வேலைய யார் பாப்பாங்க?"

"வேணு. என் வீக் ஆஃப்ல அவன்தான் பாக்கறான்."

"லீவு எவ்ளோ பாக்கி?"

"பன்னெண்டு."

"அப்பாயின்ட்மென்ட் ஆர்டர எடு."

தகரப்பெட்டியின் அடியிலிருந்து அது வெளியே வந்தது. சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, தேன்மொழி அதைப் படித்ததேயில்லை. ஒன்பதாவது பிரிவில் தெளிவாக இருந்தது: அறுபது நாள் நோட்டீஸ், அல்லது குறையும் நாளுக்கு அடிப்படைச் சம்பளத்தைக் கட்டலாம்; மிச்ச லீவை அதில் கழிக்க நிர்வாகம் அனுமதிக்கலாம். இரண்டு வருஷமாக வழி பெட்டிக்குள்ளேயே படுத்துக்கிடக்க, இவள் அண்ணன் முறை கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சாயங்காலத்துக்குள் மெயில் தயாரானது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி:

"மே 20 அன்று நான் கொடுத்த விலகல் கடிதத்தின்படி என் கடைசி நாள் ஜூலை 18. ஜூலை 1 அன்று புதிய வேலையில் சேரவேண்டியிருப்பதால் ஜூன் 28 அன்று விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். குறையும் இருபது நாளில் பன்னிரண்டை என் லீவில் கழித்து, எட்டு நாளுக்கான அடிப்படைச் சம்பளத்தை, ஒன்பதாவது பிரிவின்படி கடைசிக் கணக்கில் பிடித்துக்கொள்ளலாம். ஜூன் 18 ஆடிட் முடியும்வரை லீவு எடுக்கமாட்டேன். ஆடிட்டில் என் லைனைப் பற்றி எழுதப்படும் குறைகளை 27க்குள் முடித்துத் தருவேன். என் வேலையை வேணுவிடம் ஒப்படைக்கும் பட்டியல் இணைப்பில் உள்ளது. இது முடியாதென்றால், எந்த வேலை தடைபடும் என்று ஜூன் 12க்குள் எழுதித் தெரிவித்தால், அதற்கும் ஏற்பாடு சொல்கிறேன்."

சம்பத்துக்கு ஒன்று, சென்னையிலிருக்கும் ஹெச்.ஆருக்கு நகல் ஒன்று. அம்மாவின் கண் எங்கேயும் இல்லை.

மறுநாள் சம்பத் கூப்பிட்டார். மெயிலைத் தாளில் எடுத்து மேஜையில் வைத்திருந்தார்.

"இதி எவரு ராசினாரு? யாரு எழுதுனது, வக்கீலா?"

"நான்தான் சார்."

"வாயால கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டேனா? ஒரே குடும்பம். இத வாபஸ் வாங்கிக்க. நேர்ல கேளு, சூஸ்தாம்."

அந்த 'பார்க்கலாம்' எத்தனை பேரை ஊறப்போட்டிருக்கிறது என்று தேன்மொழிக்குத் தெரியும். அப்படியும் மனசு ஊசலாடியது. ஒரு கும்பிடு போட்டால் போதுமோ? இந்த மனுஷன் பிடிவாதம் பிடித்தால் ஜூலை ஒன்று போயிற்று. மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தாள். அதில் பொய் ஒன்றுகூட இல்லை. எதை வாபஸ் வாங்குவது?

"இன்னா வேல நிக்கும்னு எழுதி அனுப்புங்க சார். நான் பதில் தரேன்."

அவர் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? ஜூன் பன்னிரண்டும் போயிற்று. தேன்மொழி நாளுக்குப் பத்து முறை மெயிலைத் திறந்து பார்த்தாள். பதிமூன்றாம் தேதி சென்னையிலிருந்து அவருக்கு ஒரு வரி வந்தது, அவளுக்கும் நகலோடு: "ஆட்சேபம் இருந்தால் காரணத்துடன் நாளைக்குள் தெரிவிக்கவும்." குடும்பம், பாசம் என்றெல்லாம் சென்னைக்கு எழுத முடியாதே! மறுநாள் "ஆட்சேபம் இல்லை" என்று அனுப்பினார். ஆடிட்டில் மூன்றாவது லைன்மேல் இரண்டே குறை. இருபத்தைந்தாம் தேதிக்குள் முடித்துக்கொடுத்தாள். இருபத்தெட்டாம் தேதி விடுவிப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

செப்டம்பரில் ஒருநாள், ஸ்ரீபெரும்புதூர் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது செல்போனில் மெசேஜ் வந்தது. சம்பத்.

"தேன்மொழி அம்மா, எலா உன்னாவு, நல்லா இருக்கியா? டிபன் ஆச்சா? ஒரு சின்ன ஹெல்ப். எனக்கு நாயுடுபேட்டையில் நல்ல வேலை வந்திருக்கு. இங்கே தொண்ணூறு நாள் இருன்னு உயிரை வாங்கறாங்க. அம்மாவுக்கு வேற முட்டிவலி. நீ அனுப்பின அந்த மெயில் மாதிரி எனக்கு ஒண்ணு எழுதிக் குடும்மா, ப்ளீஸ்." கீழே கும்பிடும் கைகள் எட்டு.

தன்னைவிட இரண்டு கூடுதல் என்று தேன்மொழி எண்ணிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. டிபனை நிதானமாக முடித்தாள். கை கழுவி வந்து பதில் தட்டினாள்:

"மெயில் எதுக்கு சார்? வாயால கேளுங்க. ஒரே குடும்பம்தானே."