தேதி போட்ட கையெழுத்து

எங்கள் கணக்கருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. பணம் எப்போது வரும் என்று யார் கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். ஐந்தாம் தேதி வர வேண்டிய சம்பளம் இருபத்திரண்டாம் தேதியாகியும் வரவில்லை. இந்த வெளிநாட்டுச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு பெண்கள் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறோம். முப்பத்தொரு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஊரில் எங்கள் பொது வீட்டில் என் கொழுந்தனார் பங்கை நாங்கள் வாங்குவதாகப் பேச்சு. பத்திரம் இருபத்தைந்தாம் தேதி. தவறினால் அவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், நாங்கள் நடுக்கூடத்தில் சுவர் எழுப்பிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேராக அலுவலக அறைக்குப் போனேன். கணக்கர் சம்பளப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். மாதாமாதம் நாங்கள் கையெழுத்து மட்டும் போடுவோம். தேதிக் கட்டத்தில் அவரே பிறகு ஐந்து என்று எழுதி, தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்.

"கையெழுத்து போடும்மா, பணம் நாளைக்கு வந்துடும்."

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க சார். ஒப்பந்தத்துல என் சம்பளம் எந்தக் காசுல இருக்கு?"

"டாலர்ல. அறுநூறு."

"இதுல இருபத்துநாலாயிரம்னு இந்த ஊர்க் காசு போட்டிருக்கே. எந்த ரேட்டு?"

"ஒரு டாலருக்கு நாப்பது. போன மாசக் கடைசி ரேட்டு."

"இன்னைக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பத்துநாலு."

பணம் கொடுக்கும் நாளின் விகிதம் என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது. அதன் நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் போயிருந்தேன். பழைய விகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு மூன்று வாரம் கழித்து அந்தக் காசை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்பினால், என் அறுநூறு டாலர் ஐந்நூற்று நாற்பத்தைந்தாகச் சுருங்கிப் போய்ச் சேரும். அதாவது அவர்கள் தாமதம் செய்யச் செய்ய நட்டம் எனக்கு, லாபம் அவர்களுக்கு.

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். தேதிக் கட்டத்தில் இருபத்திரண்டு என்று நானே எழுதினேன். பக்கத்தில், 'பணம் இன்னும் வரவில்லை, நாற்பது ரேட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை' என்றும் எழுதினேன்.

"ஐயோ, என்னம்மா பண்ணிட்டே! இதை எப்படி அனுப்புறது?"

"அப்படியே அனுப்புங்க. உண்மையைத்தானே எழுதியிருக்கேன்."

அவர் மேலாளரைக் கூட்டிவந்தார். மேலாளருக்கு நம் மொழி தெரியாது, கணக்கர்தான் நடுவில் நின்று சொன்னார். புதுப் பட்டியல் அடிப்பார்களாம். அதில் நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், என் அறுநூறு மட்டும் இன்றைய விகிதத்தில், இன்றைக்கே போய்விடுமாம்.

"மத்தவங்களுக்கு?"

"அது உனக்கு எதுக்கும்மா?" என்றார் கணக்கர், தன் பங்குக்கு.

யோசித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது. நடுக்கூடம் கண்ணுக்குள்ளேயே நின்றது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"வீடு போனா போகுதுங்கிறியா?"

"போகக்கூடாதுங்க. ஆனா நான் இங்கே முப்பது பேர் மூஞ்சில முழிக்கணும்."

"அப்ப போடாதே. தம்பி கால்ல வேணும்னா நான் விழுறேன். உன்னை யார் கால்லயும் விழச் சொல்ல மாட்டேன்."

அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒப்பந்த நகலோடு இஸ்திரி மேசைகளுக்குப் போய் ஒவ்வொருத்தியிடமும் கணக்கைச் சொன்னேன். மாலையில் புதுப் பட்டியல் வந்தது. அதிலும் அதே நாற்பதுதான். வரிசையில் முதலில் நின்றவள் விரிப்பு மடிக்கும் அக்கா. நான்கு வருடமாக யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். கையெழுத்துப் போட்டுவிட்டு, தேதிக் கட்டத்தில் இருபத்திரண்டு என்று எழுதினாள்.

"பணமும் வரலைன்னு எப்படி எழுதணும், சொல்லு," என்றாள் என்னிடம்.

மேலாளர் அவள் கையிலிருந்து பட்டியலைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

இருபத்துநான்காம் தேதி மதியம் முப்பத்தொரு பேருக்கும் பணம் போனது, நாற்பத்துநாலு விகிதத்தில். சம்பளச் சீட்டில் விகிதமும் அனுப்பிய தேதியும் அச்சாகியிருந்தன. மறுநாள் பத்திரம் முடிந்தது.

அதற்கு அடுத்த நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். என் ஒப்பந்தம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்க மாட்டார்களாம். இதுவும் எதிர்பார்த்ததுதான். வாங்கினேன் என்று கையெழுத்துக் கேட்டார் கணக்கர்.

"இன்னும் எட்டு மாசம் இருக்கில்ல சார்?"

"இருக்கு."

"அப்ப எட்டு சம்பளமும் அஞ்சாம் தேதியே வரணும்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.