பாட்டுக்கு நடுவே ஒரு துண்டு

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கேசட் கடை வைத்திருந்த நான், இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கம்ப்யூட்டரும் சிடி எழுதும் பெட்டியும் வாங்கிப் போட்டேன். அதிலிருந்து மலையில் இருக்கிற பழைய கேசட்டெல்லாம் என் கடைக்குத்தான் வந்தது. கல்யாண நாயனம், குழந்தையின் மழலை, காது குத்தில் மாமன் குடித்துவிட்டுப் பேசியது எல்லாம் கேட்டிருக்கிறேன். எனக்குப் பொறுமை குறைவு. கேசட்டை ஓடவிட்டு நாற்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பதே தண்டனை. அது ஒரே நீளமாகக் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால், பாட்டுப் பாட்டாகப் பிரிக்கிற வேலையை ப்ரோகிராமே பார்த்துக்கொள்ளும். சத்தம் இல்லாத இடத்தைத் தேடி அங்கங்கே வெட்டி, வெறும் இடைவெளியைத் தள்ளிவிட்டு, பாட்டை மட்டும் வரிசையாக வைக்கும்.

வெள்ளையன் பூசாரி தன் மகள் சின்னாயியோடு வந்தது ஒரு புதன்கிழமை. கோயில் திருவிழாச் சாட்டின்போது அவர் பாடியதைக் கேசட்டில் பிடித்திருந்தார்கள். நோன்புக்கு மைக் செட்டில் போடச் சிடியாக வேண்டுமாம்.

"எத்தனை பாட்டுங்க?" என்றேன்.

"ஏழு பாட்டுங்க தம்பி. நாலாவது பாட்டு முடிஞ்சு சாமிகிட்ட உத்தரவு கேட்டோம். அதுக்கப்புறம் மூணு."

என்ன உத்தரவு என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். வாசலூர்பட்டி விமல்ராஜ் சின்னாயியைப் பெண் கேட்டிருந்தான். அவன் என் கடையில் ஜீப்புக்குப் பாட்டு வாங்குகிற பையன்தான், கடன் சொல்லாத ஒரே டிரைவர். பூசாரியின் குடும்பத்தில் கவுளிச் சத்தத்தில் உத்தரவு கேட்காமல் எந்தச் சம்பந்தமும் பேசமாட்டார்கள். பூசாரி கேள்வியைச் சொன்னதும் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். சாமிக்கு வலப்பக்கம் பல்லி சொன்னால் சம்மதம். இடப்பக்கம் சொன்னால் வேண்டாம். சொல்லாவிட்டாலும் வேண்டாம்.

"சொல்லலீங்க. வெள்ளிக்கிழமை பெரக்கரை நாட்டுல வேற எடம் பாக்கப் போறோம்."

சின்னாயி கடை வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனதும் உள்ளே வந்தாள்.

"ஏனுங்கண்ணா, துண்டு துண்டா வெட்டறப்ப சின்னதா ஏதாச்சும் வந்துதுன்னா தூக்கிப் போட்டுடாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. தொழிலை எனக்கே சொல்லித்தருகிறாள். சின்னத் துண்டென்றால் இருமலாக இருக்கும், இல்லை டேப்பின் பட்டனை அமுக்கிய சத்தமாக இருக்கும். அவற்றை அழிப்பது என் வழக்கம். "ஏன் கண்ணு?" என்றேன். அப்பா டீ கிளாஸை வைப்பதைப் பார்த்ததும் வாசலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மறுநாள் காலையில் கேசட்டை ஏற்றிவிட்டு வெட்டச் சொன்னேன். ஒரே துண்டாக வந்தது. ப்ரோகிராமின் கணக்கில் அந்தக் கேசட்டில் சத்தமில்லாத இடமே கிடையாது. காதில் ஹெட்போனை மாட்டியதும் காரணம் புரிந்தது. அந்த மாதிரி டேப் ரெக்கார்டர், சத்தம் குறைந்தால் தானாகவே வால்யூமை ஏற்றிக்கொள்ளும். பாட்டு நின்ற ஒவ்வொரு இடத்திலும் பூச்சிகளின் இரைச்சல் மெல்ல மெல்லப் பெருகி வந்தது. அதனால் எவ்வளவு தணிந்தால் அமைதி என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற அளவை, பூச்சி இரைச்சலுக்குக் கொஞ்சம் மேலே உயர்த்தினேன். இப்போது பூசாரி மூச்சு வாங்கிய இடமெல்லாம் வெட்டுப்பட்டு ஒரே பாட்டு மூன்று துண்டாக விழுந்தது. மனதுக்குள் திட்டிக்கொண்டே, இரண்டு வினாடியாவது தணிந்திருந்தால்தான் வெட்ட வேண்டும் என்று மாற்றினேன்.

எட்டுத் துண்டு வந்தது. பூசாரி கேட்ட கேள்வி நாலாவது பாட்டின் வாலிலேயே ஒட்டியிருந்தது. ஐந்தாவது துண்டு ஒரு வினாடிகூட இல்லை.

அழிக்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். அதை ஓடவிட்டுக் கேட்டேன். ச்சு, ச்சு, ச்சு, ச்சு.

அன்று சாயங்காலமே இருவரும் வந்தார்கள். நான் பூசாரியை ஸ்டூலில் உட்காரவைத்து அந்தத் துண்டை ஸ்பீக்கரில் போட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"பட்டன் சத்தமா இருக்குமுங்க."

அவர் சந்தேகப்பட்டது எனக்குப் பிடித்தது. வெட்டாத நீளப் பதிவைத் திறந்து அந்த இடத்தை ஸ்கிரீனில் பெரிதாக்கிக் காட்டினேன்.

"பட்டனை அமுக்கியிருந்தா பூச்சிச் சத்தம் அந்த எடத்துல அறுந்து, அப்புறம் புதுசாத் தொடங்குமுங்க. இங்க பாருங்க, முன்னாடியும் பின்னாடியும் ஒரே சீரா ஓடுது. நீங்க கேள்வி கேட்டு முடிச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சு வருது."

"எங்க யாரு காதுக்கும் விழலீங்களே?"

"நீங்கெல்லாம் மேளத்துக்குப் பக்கத்துல நின்னிருப்பீங்க. காது அடைச்சிருக்கும். டேப்பு, எல்லாரும் அடங்குனதும் வால்யூமை ஏத்திக்கும். சின்னச் சத்தத்தைக்கூடப் பெருசாப் பிடிச்சுரும்."

கேள்வியிலிருந்து அடுத்த பாட்டு வரை நீளமாக ஓடவிட்டேன். அவருடைய குரல் கேட்டது. பூச்சிகள் பெருகின. பல்லி சொன்னது. மறுபடியும் பூச்சிகள். பூசாரி ஸ்டூலில் இருந்து எழுந்து நின்றுவிட்டார். கோயிலில் நிற்பதுபோலவே கையைக் கட்டியிருந்தார்.

"எந்தப் பக்கமுங்க?" என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. அந்த டேப்பில் ஒற்றை மைக். இடமும் வலமும் அதற்கு ஒன்றுதான். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் பக்கம் தெரியாது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. விமல்ராஜின் முகம் ஞாபகம் வந்தது.

"அது இதுல தெரியாதுங்க," என்றேன். எனக்கே வருத்தமாக இருந்தது.

"வலப்பக்கம்," என்றாள் சின்னாயி. "வெளக்கு மாடத்துக்கு மேல."

பூசாரி திரும்பினார்.

"டேப்பு எம்மடியிலதான இருந்துது. மாடத்துக்குக் கீழதான உக்காந்திருந்தேன். அன்னைக்கே கேட்டேங்கப்பா."

"அப்பவே ஏஞ்சாமி சொல்லல?"

"ஆசைப்பட்டவ நானு. நானே கேட்டேன்னு சொன்னா நம்பியிருப்பீங்களா?"

டேப் சத்தத்துக்குத்தான் சாட்சி சொன்னது. பக்கத்துக்கு இன்னும் அவள் வாய்ச்சொல் ஒன்றே சாட்சி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஒரு வழி தேடியிருக்கிறாள். வெளியே நாமக்கல் பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பிப் போனது. அவர்கள் போக வேண்டிய பஸ்ஸும் அதுதான்.

"தம்பி, அந்தத் துண்டையும் சிடியில போட்டுருங்க," என்றார் பூசாரி.

"தனியா ஏறாதுங்க. நாலு செகண்டாவது இருந்தாத்தான் சிடியில ஒரு பாட்டா நிக்கும். முன்னயும் பின்னயும் வெட்டிப் போட்ட அமைதியைச் சேத்தாத்தான் ஆகும்."

"சேருங்க. அதெல்லாம் சேந்ததுதானுங்க உத்தரவு."

நான் சிடியை எழுதப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் மகளிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வலப்பக்கந்தான கண்ணு?"

"ஆமாங்கப்பா."

இன்னொரு தடவை அவர் கேட்கவில்லை. சட்டைப் பையைத் தடவி, பெரக்கரை நாட்டுக்காரர்களின் போன் நம்பர் எழுதிய சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை நாங்க வரலைன்னு சொல்லணுமுங்க. ஒரு போன் போட்டுக் குடுங்க."