பச்சைப் பென்சில் கோடு போடாத இடம்

பதினெட்டு வருஷம் சிறுவர் பத்திரிகையில் கேள்வி பதில் பக்கம் எழுதியவளுக்கு ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் குரல் பிடிபடவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? அவளே நம்பவில்லை. எந்தக் கேள்வி வந்தாலும் "என் தங்கமே" என்று ஆரம்பித்துத்தான் பதில் எழுதுவாள். அதனால் வாசகர்கள் வைத்த பெயர் தங்கமே அக்கா. பத்திரிகை நின்று போன பிறகும் பெயர் போகவில்லை. பேருந்தில் யாராவது அடையாளம் கண்டுகொண்டு "நீங்க தங்கமே அக்கா தானே?" என்று கேட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

அந்த அக்கா இப்போது இளையோருக்கான நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் தோழி நம்பிச் சொன்ன ரகசியத்தை வகுப்பில் பரப்பிவிடுகிறாள். தோழி பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். அந்தப் பெண்ணே 'நான்' என்று சொல்லும் கதை. நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் தோழி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறாள்.

பதிப்பாசிரியர் அக்காவைவிடப் பத்து வயது இளையவள். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் பிரதியை எழுதியவர் பெயரில்லாமல் அச்செடுத்து, முகம் தெரியாத ஐந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நிறப் பென்சிலோடு அனுப்புவாள். கருத்து எதுவும் எழுதக்கூடாது. கதையை நம்ப முடியாமல் போன இடத்தில் கோடு, படிக்காமல் தாண்டிய இடத்தில் பெருக்கல் குறி, அவ்வளவுதான். கருத்துக் கேட்டால் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பிடித்த மாதிரி எழுதிவிடுவார்களாம்.

முதல் பிரதி திரும்பி வந்தபோது அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக்குப் பக்கம் கோடு. நாற்பத்தோராம் பக்கத்தில் ஐந்து நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. பச்சைப் பென்சில் மட்டும் விதியை மீறி ஓரத்தில் எழுதியிருந்தது: 'டீச்சர் வந்துட்டாங்க.'

"டீச்சரே கிடையாதே அந்த சீன்ல!" என்றாள் அக்கா தொலைபேசியில்.

"அக்கா, 'நம்பிக்கை என்பது கண்ணாடி போன்றது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அப்போ தெரியலன்னா இப்போ யாருக்குத் தெரியுது? வளர்ந்து, வேலைக்குப் போய், சாஞ்சு உக்காந்து சொல்ற யாரோ ஒருத்தங்களுக்கு. அவங்கதான் டீச்சர்."

"சரி, தூக்கிடறேன்."

"தூக்கினா மட்டும் போதாது. அவளுக்கு அன்னைக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுங்க. தப்பாத் தெரிஞ்சிருந்தா தப்பாவே எழுதுங்க."

அக்கா 'அப்போது தெரியவில்லை' எல்லாவற்றையும் வெட்டினாள். குரலில் இளமை வேண்டுமே என்று, மகளின் தோழிகள் எப்போதோ பேசிய புதுச் சொற்களையெல்லாம் அள்ளித் தூவினாள். அவளுடைய மகள், பதினாறு வயது, அடுக்களை மேடையில் கிடந்த ஒரு தாளை எடுத்து நாலு வரி படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அம்மா, இப்படி யாரும் பேசறதில்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பேசினாங்க. புக்கு வர்றதுக்குள்ள இன்னும் நாறிடும்."

மூன்றாவது பிரதியில் சொற்களை எடுத்துவிட்டுத் திமிரை வைத்தாள். கதைப் பெண் எல்லாரையும் எடுத்தெறிந்து பேசினாள். அம்மா முட்டாள், பள்ளி சிறை, உலகம் குப்பை. பென்சில்கள் மறுபடி பாய்ந்தன. பதிப்பாசிரியர் பொறுமையாகச் சொன்னாள்: "முன்னாடி நல்ல பெரியவங்க பேசினாங்க. இப்போ கெட்ட பெரியவங்க பேசறாங்க. அந்தப் பொண்ணு இன்னும் வாயே திறக்கலக்கா."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அறிவுரை சொன்னால் தப்பு, சொல்லாவிட்டால் வெறுமை. பிள்ளைகள் போலப் பேசினால் வேஷம், பேசாவிட்டால் கிழவி. நாலு நாள் மேஜையில் உட்கார்ந்து எழுந்ததுதான் மிச்சம். அடுத்த மாதத்துக்குள் சரியாக வராவிட்டால் இந்த வருஷப் பட்டியலில் இடமில்லை என்று பதிப்பகம் சொல்லிவிட்டது. தங்கமே அக்காவுக்குப் பிள்ளைகள் மனசு தெரியாது என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்தாள்.

அப்போதுதான் மகள் ஒரு மாலை, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே அந்த விஷயத்தைச் சொன்னாள். நீச்சல் அணியில் அவளை எடுக்கவில்லை. அதைக் கேட்டதும் ஓடிப்போய்ப் பள்ளிக் கழிப்பறையில் தாழ்போட்டுக்கொண்டாளாம்.

"அழுகையே வரலம்மா. உண்மையைச் சொல்லணும்னா அப்பாடான்னு இருந்துச்சு. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்க வேணாம். சுவத்துல பூப்போட்ட ஓடு எண்ணிட்டு உக்காந்திருந்தேன். பதினாறு. ஒண்ணு தலைகீழா ஒட்டியிருந்தாங்க. ஆனா வெளிய மூணு பேரு ஆறுதல் சொல்லக் காத்திருக்காளுங்க. ஒருத்தி டிஷ்யூ பாக்கெட் வேற வாங்கிட்டு வந்துட்டா. அவளை ஏமாத்த மனசு வரல. அதான் கண்ணுல தண்ணி தெளிச்சுக்கிட்டு வெளிய வந்தேன்."

அக்கா சிரித்தாள். மகளும் சிரித்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள் மகள். "சொல்வேனா?" என்றாள் அக்கா. சத்தியமாக அந்த நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் காலை அது இரண்டாவது அத்தியாயத்தில் இருந்தது. நீச்சல் அணி ஓட்டப்பந்தய அணி ஆகியிருந்தது. அக்கா செய்த மறைப்பு அவ்வளவுதான். தலைகீழாக ஒட்டிய ஓடு வரும் வரியை மாற்ற மனம் வரவில்லை. டிஷ்யூவையும் விட மனம் வரவில்லை. அந்தப் பத்தி வந்ததும் கதைப் பெண் தானாகவே பேச ஆரம்பித்தாள். அப்பாவைப் பற்றி, பேருந்து நெரிசல் பற்றி, தோழியின் ரகசியத்தைச் சொன்னபோது தன்னைச் சுற்றி எல்லாரும் நெருங்கி வந்தது எவ்வளவு சுகமாக இருந்தது என்பது பற்றி. அக்காவின் விரல்கள் ஓட்டமாக ஓடின.

நான்காம் பிரதியில் இரண்டாவது அத்தியாயம் முழுக்க ஒரு கோடு இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் மட்டும் நாலு கோடு இருந்தது. ஐந்தாவது ஆளான பச்சை, கழிப்பறைப் பத்தியோடு படிப்பதையே நிறுத்தியிருந்தது. அதற்கு மேல் ஒரு குறியும் இல்லை.

"அந்த கழிப்பறை சீன்தான் புக்கோட உயிரு. அதை எடுத்தா மத்ததெல்லாம் விழுந்துடும்" என்றாள் பதிப்பாசிரியர். "பச்சைக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. நல்லா மார்க் பண்ற பொண்ணு."

என்ன ஆச்சு என்று அன்று மாலையே தெரிந்தது. மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"டிஷ்யூ வாங்கிட்டு வந்தவ இருக்கால்ல? அவளுக்கு ஒரு கதை படிக்கக் குடுத்திருக்காங்களாம். அதுல டிஷ்யூ பாக்கெட்டும், கண்ணுல தண்ணி தெளிச்சுக்கிட்டதும், பதினாறு ஓடும் வருதாம். 'உன் அம்மா கதை எழுதறாங்களா?'ன்னு கேட்டா. அப்புறம் பேசல. மத்தியானம் வேற பெஞ்சுல போய் உக்காந்துட்டா."

'நம்பிச் சொன்னதை வெளியே சொல்லிவிட்டேன், என்ன செய்வது?' என்ற கேள்விக்குப் பதினெட்டு வருஷத்தில் அக்கா நூறு தடவை பதில் எழுதியிருக்கிறாள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா கூடத்தில் நின்றாள். முதலில் அவளுக்கு வந்தது வருத்தம் இல்லை. யார் யாருக்குத் தெரியும் என்று எண்ணினாள். பதிப்பாசிரியர், ஐந்து பிள்ளைகள், ஆக ஆறு பேர். ஆறுதானே, சமாளிக்கலாம் என்று தோன்றியது. அடுத்தபடி பச்சைப் பென்சில்மேல் கோபம் வந்தது. கதையைக் கதையாகப் படிக்கத் தெரியாத பெண். அதற்கும் அடுத்தபடி அழகான ஒரு மன்னிப்பு மனசுக்குள் தயாரானது. அதைக் கேட்கிற யாருக்கும் அக்கா எவ்வளவு நல்லவள் என்று புரிந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனாள். தட்டினாள். மகள் திறந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"சரி."

கதவு மறுபடி மூடிக்கொண்டது. தன்மேலேயே அக்காவுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடுதான் நேராக மேஜைக்குப் போனாள். முதலில் கழிப்பறைப் பத்தியை முழுக்க எடுத்தாள். பதினாறு ஓடுகளும் போயின. பிறகு நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தாள். கதைப் பெண் தோழி வீட்டு வாசலில் நிற்கிறாள். யாருக்கெல்லாம் தெரியும் என்று விரல்விட்டு எண்ணுகிறாள். தோழிமேலேயே கோபப்படுகிறாள். அழகான மன்னிப்பு ஒன்றை மனப்பாடம் செய்கிறாள். கதவு திறந்ததும் வீட்டுப்பாடம் என்ன என்று கேட்கிறாள். அப்புறம் எப்படியோ "சாரி" என்கிறாள். தோழி "பரவால்ல விடு" என்கிறாள்.

அந்தத் தாளையும் கழிப்பறைப் பத்தியை வெட்டிய தாளையும் ஒரு பென்சிலோடு மகளின் கதவடியில் வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மன்னிப்பா, சரிபார்க்கும் வேலையா?

சனிக்கிழமை காலை தாள்கள் அடுக்களை மேடையில் இருந்தன. ஒரே ஒரு கோடு. 'பரவால்ல விடு' என்ற இடத்தில்.

மகள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க நம்பலையா?" என்றாள் அக்கா.

"அவ அப்படிச் சொல்ல மாட்டா."

"எப்போ சொல்வா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரியாது." மகள் குழாயை மூடினாள். "மத்ததெல்லாம் நம்பினேன். வீட்டுப்பாடம் கேட்டது நல்லாருந்துச்சு."

அக்கா அங்கேயே பென்சிலை எடுத்து 'பரவால்ல விடு'வையும் அதற்குக் கீழே இருந்த ஆறு வரிகளையும் அடித்தாள். அத்தியாயம் இப்போது வாசலிலேயே நின்றது. போவதா இருப்பதா என்று தெரியாமல் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அது சரியாக இருப்பது அக்காவுக்கு உடனே தெரிந்தது. சந்தோஷப்படலாமா என்றுதான் தெரியவில்லை. பென்சிலை மேடையில் வைத்தாள்.

"அவகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம். நீ பேசினா அழகாப் பேசுவ."

"உன்கிட்ட...?" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள் கடைசியில்.

மகள் அன்று முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, தெளித்துக்கொண்டதா, தானாக வந்ததா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை.

"இதையும் எழுதிடாதம்மா."

"எழுத மாட்டேன்" என்றாள் அக்கா.

பென்சில் கையில் இருந்திருந்தால் 'எழுத மாட்டேன்' என்ற இடத்தில் அவளே ஒரு கோடு போட்டிருப்பாள்.