மழைச்சட்டை

பத்திரிகையைக் கொண்டு வந்து மேஜையில் போட்டது பிழை திருத்தும் அம்மாள்தான். "சார், உங்க வீட்டுக்காரம்மா இவ்வளவு நல்லா எழுதுவாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றாள். சொல்வதற்கு அவருக்கே தெரிந்திருந்தால்தானே! எட்டு வரிக் கவிதை. கீழே மனைவியின் பெயர். அவர் சிரித்தார். பல் வலிக்காரன் போட்டோவுக்குச் சிரிப்பதைப் போல இருந்திருக்கும் அந்தச் சிரிப்பு.

நோட்ஸ் கம்பெனியில் அவரைப் 'பொழிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். பாடப்புத்தகத்தில் எந்தக் கவிதை வந்தாலும் அதைப் பிரித்து மேய்ந்து, பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற உரைநடையாக ஆக்கிக் கொடுப்பது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எப்பேர்ப்பட்ட கவிஞனும் கடைசியில் தன்னிடம் வந்து, என்ன சொல்ல வந்தான் என்று ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும் என்று நினைப்பவர். தானே ஒரு வரி எழுத முயன்றதுண்டு, இளமையில். வரவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

எக்ஸ்ரே அறையில் "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வருகிற மனைவிக்கு எப்படி வந்தது? வயிறு எரிந்தது. எரிச்சல் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கவிதையை இரண்டாம் முறை படித்தார்.

பூட்டாத கதவு.
மழைச்சட்டை கழற்றிக்
கொடியில் போட்டதும்
வீடெல்லாம் ஈரம்.
துண்டு தேடிய கை
தொட்டது நெஞ்சு.
யாருக்கும் சொல்லவில்லை
ஜன்னலும் நானும்.

யாருடைய சட்டை? யாருடைய நெஞ்சு? மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மூடி ஒதுக்கினார். பத்து ஊழியர்கள் இருக்கும் ஹாலில், கவிதையை மறைத்து வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் விசாரணையைத் தொடங்கினார். வெள்ளைத் தாள் எடுத்தார். பென்சிலைச் சீவினார்.

வேலையின் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் வரிகளை உடைத்து, பேசுகிற வரிசையில் சொற்களை மாற்றி அடுக்க வேண்டும். பிறகு, கவிஞன் விழுங்கிவிட்ட வேற்றுமை உருபுகளைக் கக்க வைக்க வேண்டும். 'தொட்டது நெஞ்சு' என்றால் பரீட்சையில் மார்க் கிடையாது, 'நெஞ்சைத் தொட்டது' என்று ஐ போட வேண்டும். 'மழைச்சட்டை' மாதிரி ஒட்டி நிற்கும் சொல்லை விரித்து, நடுவே ஒளிந்திருப்பதை வெளியே எடுக்க வேண்டும். மழைக்கான சட்டையா, ரெயின்கோட்டா? அதைக் கழற்றியதற்கு யாராவது துண்டு தேடுவார்களா? ஆக, மழையில் நனைந்த சட்டை. கடைசியாக எழுவாய். வினை இருக்கும், செய்தவன் இருக்க மாட்டான். செய்தவனை அடைப்புக்குறிக்குள் கொண்டு வந்து நிறுத்துவதுதான் பொழிப்புரைக்காரனின் திறமை. அவர் நிறுத்தினார்.

'ஒரு மழை நாளில் அவளுடைய வீட்டுக் கதவு பூட்டப்படாமல் இருந்தது. (அவன்) உள்ளே வந்து, மழையில் நனைந்த தன் சட்டையைக் கழற்றித் துணிக்கொடியில் போட்டான். வீடு முழுவதும் ஈரமாயிற்று. (அவனுக்குத்) துவட்டத் துண்டைத் தேடிய அவளுடைய கை (அவனுடைய) நெஞ்சைத் தொட்டது. இதை ஜன்னலும் அவளும் யாரிடமும் கூறவில்லை.'

எழுதி முடித்ததும் இன்னொரு முறை சரிபார்த்தார். ஓர் ஓட்டை இல்லை. எந்தப் பரீட்சையிலும் முழு மார்க் வாங்கும் உரை அது. அடைப்புக்குறிக்குள் மூன்று இடத்தில் அந்தப் பாவி நின்றுகொண்டிருந்தான், சட்டை இல்லாமல்.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். அவர் தாளை நீட்டினார்.

"யாரு அவன்?"

அவள் துடைத்த கையோடு வாங்கிப் படித்தாள். ஜன்னல் பக்கம் கொண்டு போய், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல, தாளைத் தூக்கிப் பிடித்தாள். அது அவளுக்குத் தொழில் பழக்கம்.

"நான் எடுக்கிற படம் மாதிரியே இருக்குங்க. எலும்பெல்லாம் சரியா இருக்கு. ஆளைத்தான் காணோம்."

"ஆள் மூணு இடத்துல இருக்கான். விளையாடாதே."

"அது நீங்க கூட்டிட்டு வந்த ஆளு. நான் யாரையும் கூப்பிடல." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சட்டைன்னு ஏங்க எடுத்துக்கிட்டீங்க? அன்னைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கினேன், கொட்டுது. நான் போட்டிருந்த துணியே தெரியல. மழையைத்தான் உடுத்திக்கிட்டு வந்தேன். நீங்க ஊர்ல இல்ல. கதவை உள்ள பூட்டக்கூடத் தோணல."

"கொடி?"

"ஜன்னல்ல படர்ந்திருக்கே, அந்தக் கொடி. பக்கத்துல நின்னு தலையை உதறினேன், அது மேல சொட்டிச்சு. துணிக்கொடின்னு வச்சுக்கிட்டாலும் சரிதான். எனக்கு ரெண்டும் வேணும்."

"நெஞ்சு?" என்றார். கேட்கும்போதே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"என்னுது. கையும் என்னுதுதான். கை போய் நெஞ்சைத் தொட்டுச்சா, நெஞ்சு வந்து கையைத் தொட்டுச்சான்னு எனக்கே தெரியல. அதான் அப்படி எழுதினேன். நீங்க ஐ போட்டுட்டீங்க."

"சரி. யாருக்கும் சொல்லாத விஷயம் என்ன?"

அவள் சிரித்தாள். "அதைத்தான் சொல்லலையே!" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சந்தேகம் தீர்ந்தது. தீர்ந்த பிறகுதான் நிஜமான பொறாமை வந்தது. ஆள் ஒருத்தன் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். மழையை எங்கே போய் உலுக்குவது? தான் இல்லாத ஒரு நாளில், இந்த வீட்டிலேயே, இந்த ஜன்னலோடு சேர்ந்து அவள் ஒரு சந்தோஷத்தை முழுசாக அனுபவித்திருக்கிறாள். அந்த எட்டு வரியில் எந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தாலும் தான் இல்லை. தோன்றா எழுவாயாகக்கூட இல்லை!

ரப்பரை எடுத்து '(அவன்)' எல்லாவற்றையும் அழித்தார். 'அவள் மழையையே சட்டையாக அணிந்து வந்தாள்' என்று எழுதிப் பார்த்தார். இப்போது தப்பு இல்லை, அவள் சொன்னதுதான். ஆனால் வரி காய்ந்து கிடந்தது. 'மழைச்சட்டை' என்றபோது நனைந்த துணியும் மழையும் ஒரே கொடியில் தொங்கின. விரித்தால் ஏதாவது ஒன்றைத்தான் தொங்கவிட முடிகிறது. 'நெஞ்சைத் தொட்டது' என்று போட்டால் கைதான் ஜெயிக்கிறது, 'கையைத் தொட்டது' என்றால் நெஞ்சு. அவளுக்கு இரண்டும் ஜெயிக்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் எத்தனை கவிதைகளின் ஈரத்தைப் பிழிந்து காயப்போட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார். அழித்து அழித்து அடைப்புக்குறிக்குள் தாள் நைந்துவிட்டது.

நாலாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸை விட்டு இறங்கியவர் குடையை விரிக்கப் போனார். விரிக்கவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். தெருவில் ஒதுங்கி நின்றவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, பர்ஸ் நனைந்தது, செருப்பு வழுக்கியது. ஏதாவது வருகிறதா என்று வழி நெடுகக் கவனித்துக்கொண்டே வந்தார். தும்மல் வந்தது.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். சட்டைதான். மழையில் நனைந்த சட்டை. சொட்டிக்கொண்டு தொங்கியது.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி. "ஐயோ, என்னங்க இது! குடை என்னாச்சு?"

"கையிலதான் இருந்துச்சு."

அவள் அவரையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருங்க, துடைச்சு விடறேன். இங்கதானே வச்சேன் துண்டை..." என்று அலமாரியைத் திறந்தாள், கட்டிலைப் பார்த்தாள், திரும்ப அலமாரிக்கே போனாள்.

துண்டு அவர் முதுகுக்குப் பின்னால், நாற்காலியின் மேல்தான் கிடந்தது. அவர் நடுங்கிக்கொண்டு நின்றார். சொல்லவில்லை.