சேராத அறுபத்தொரு பேர்

என் அம்மா ராக்கம்மாவை நான் ஒரு கோடு போட்டு அடித்தேன். சிவப்புப் பேனாவால், ஸ்கேல் வைத்து, ஒழுங்காக. அந்த ஒழுங்குக்காகவே முருகப்பன் சாரிடம் பாராட்டும் வாங்கினேன். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது.

பகாவ் டவுன் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான்கு தடச் சாலை. சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டத்து ஜனமெல்லாம் பஸ்ஸைவிட்டு இறங்கி, அதைக் கடந்துதான் கடைகளுக்குப் போக வேண்டும். இரண்டு பேர் அடிபட்டுச் செத்த பிறகு அங்கே விளக்கு வைக்க முடிவானது. ஆள் கடக்க எத்தனை விநாடி விடுவது என்று கண்டுபிடிக்கும் வேலை சிரம்பானில் இருந்த எங்கள் சாலைத் துறை அலுவலகத்துக்கு வந்தது. நான், பஞ்சாலை, அங்கே தற்காலிக ஊழியர். முருகப்பன் சார் எஞ்சினியர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் கிளினிக்கின் மாடியில் கேமராவை அசையாமல் நிறுத்திப் படம் பிடித்தோம். சாலையை டேப் வைத்து அளந்தோம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பதினான்கு புள்ளி நான்கு மீட்டர். பிறகு அலுவலகத்தில் டிவி கண்ணாடி மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, இரண்டு ஓரங்களையும் கோடாக வரைந்தேன். ஒருவர் கால் முதல் கோட்டைத் தாண்டும் பிரேமிலிருந்து அடுத்த கோட்டைத் தாண்டும் பிரேம் வரை எண்ண வேண்டும். வீடியோவில் இருபத்தைந்து பிரேம், அதாவது இருபத்தைந்து அசையாப் படம், ஒரு விநாடி. தூரத்தை விநாடியால் வகுத்தால் வேகம்.

"கால மட்டும் பாரு பஞ்சாலை, தலைய பாக்காத. கேமரா மேலருந்து பாக்குது, தலை எங்கேயோ தெரியும், கணக்கு தப்பாயிரும்" என்றார் சார்.

கால்களையே பார்த்ததால்தான் அம்மாவைக் கண்டுபிடித்தேன். முகம் வெறும் புள்ளி. ஆனால் இடது காலை இழுத்து வைக்கும் அந்த நடை! முப்பது வருஷம் மேட்டிலும் பள்ளத்திலும் ரப்பர் மரம் சீவிய கால். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். நடுக்கோடு வரை வந்து நின்றாள். லாரிகள் விடவில்லை. மொத்தம் எழுநூற்று எழுபத்தைந்து பிரேம், முப்பத்தொரு விநாடி.

சாரின் விதி தெளிவானது. ஓடியவர்கள் சேர்த்தியில்லை, நடுவில் நின்றவர்களும் சேர்த்தியில்லை. நிற்கிற நேரம் நடக்கிற நேரம் ஆகாதே! சொல்வது சரிதான். ஆனால் இருநூற்று நாற்பது பேரில் நின்றவர்கள் அறுபத்தொரு பேர். எல்லாம் கிழடுகள், நொண்டிகள், பிள்ளையைத் தூக்கியவர்கள். வேகமாக நடந்தவன் இடைவெளி பார்த்து ஒரே மூச்சில் போய்விட்டான்.

"சார், நின்ன நேரத்த மட்டும் கழிச்சா என்ன? நடுக்கோடு வரைக்கும் தனியா, அதுக்கப்புறம் தனியா எண்ணலாம்."

அம்மாவை வைத்து எண்ணியும் காட்டினேன். நின்றது போக நடந்தது நானூற்று எண்பது பிரேம், பத்தொன்பது விநாடிக்கு மேல். அது அம்மா என்று மட்டும் சொல்லவில்லை. அலுவலகத்தில் யாருக்கும் நான் தோட்டத்துப் பெண் என்று தெரியாது. எனக்கு அதில் வெட்கம், வேறென்ன!

"ஐடியா நல்லாதான் இருக்கு. ஆனா அறுபத்தொண்ண திரும்ப எண்ண எத்தன நாள்? வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போவணும்லா." தாளைப் புரட்டிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "ஒன்னோட கன்ஃபர்மேஷன் லெட்டரும் அன்னைக்குதான் சைன் ஆவுது."

மிரட்டலா, தகவலா, இன்றுவரை தெரியாது. பட்டியலில் அந்த அறுபத்தொரு பேரையும் அடிக்க நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

மிச்சமிருந்தவர்களில் மெதுவான பதினைந்து சதவீதத்தை ஒதுக்கினால், மற்றவர்களில் ஆக மெதுவானவரின் வேகம் விநாடிக்கு ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். ஆகவே கடந்து முடிக்கப் பன்னிரண்டு விநாடி. ரிப்போர்ட் போயிற்று. என் வேலையை நிரந்தரமாக்கிய கடிதம் வந்தது.

அடுத்த வருஷம் விளக்கு எரிந்தது. தீபாவளிச் சாமான் வாங்க அம்மாவோடு போனேன். ஆள் கடக்கும் விளக்கின் பச்சை மனிதன் ஆறு விநாடி நின்று எரிந்தான், பிறகு பன்னிரண்டு விநாடி மினுக்கினான். அம்மா நம்பிக் கால் எடுத்து வைக்கவே நாலு விநாடி போய்விட்டது. மூன்று தடம் தாண்டும்போது சிவப்பு விழுந்தது. பழக்க தோஷம், தடக்கோட்டின் மேலேயே நின்றுவிட்டாள். முன்னும் பின்னும் லாரி உறுமியது, ஹாரன் காதைக் கிழித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏண்டி, வெளக்கு வெச்சவன் எங்கள மாதிரி ஆளுங்க நடக்கறத பாக்கவே இல்லியா? பாத்திருந்தா இப்படி வெச்சிருப்பானா?"

"பாத்திருக்க மாட்டாம்மா" என்றேன்.

எழுநூற்று எழுபத்தைந்து பிரேம். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்திருந்தேன்.